15 சதவீதம் சரி, எதில் 15 சதவீதம்?

"நாங்கள் நாலு பேர், ஊட்டியில் ராக் பேண்ட் வைத்திருக்கிறோம். ஒருவர் மேனேஜராக வருகிறேன் என்கிறார், 15 சதவீதம் கேட்கிறார். நிகழ்ச்சி பிடித்துக் கொடுப்பதற்கு இவ்வளவா? எங்கள் டிரம்மர் வேண்டவே வேண்டாம் என்கிறார்."

உங்கள் டிரம்மர் மேல் எனக்குக் கோபம் இல்லை. குன்னூரில் ஒரு பேண்டுக்கு மூன்று வருடம் மேனேஜராக இருந்தேன். "மேனேஜர் மேனேஜருக்குத்தான் பேசுவார்" என்று யாராவது எழுதத்தான் போகிறார்கள். நான் செய்த தப்பையும் சேர்த்தே சொல்கிறேன், படித்துவிட்டு எழுதுங்கள்.

நிகழ்ச்சி பிடிப்பதில் போன் பண்ணுவது சின்ன வேலை. எங்களுக்குப் பெங்களூரில் ஒரு சனிக்கிழமை 80,000 ரூபாய்க்கு வந்தது. அதற்கு மட்டும் மலை இறங்கினால் வேன் செலவுக்கும் ரூமுக்குமே பெரும்பகுதி போய்விடும். அதனால் அந்தச் சனிக்கிழமையை நடுவில் வைத்துக்கொண்டு, வியாழன் கோவையில் 50,000, வெள்ளி சென்னையில் 60,000 என்று வழியில் இரண்டு சேர்த்தேன். இதற்கு ஆறு வாரம் ஆனது.

சென்னையில் ஒரு கல்லூரி விழா. பாதி அட்வான்ஸ், மீதி மேடை ஏறுவதற்கு முன் கையில் வரவேண்டும் என்று எழுதி வாங்கினேன். வாசித்து முடித்த பிறகு பணப் பொறுப்பாளரைத் தேடினால் கிடைக்கமாட்டார். இன்னொரு வரியும் சேர்த்தேன்: அவர்களால் தாமதமாகி எங்கள் நேரம் குறைந்தால் தொகை குறையாது. திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும், சட்டம் அப்படி. அன்றைக்கு எங்களை ஏற்றியதே 9.20க்கு. எட்டுப் பாட்டுதான் வாசித்தோம், முழுப் பணமும் வந்தது. அந்த ஒரு வரிதான் காரணம்.

சண்டை ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெங்களூரிலிருந்து மதியம் கிளம்பச் சொன்னேன், கிளம்பும்போது நாலரை. பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு மூடிவிடுவார்கள், காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். பத்து நிமிடத்தில் கேட்டைத் தவறவிட்டு, குண்டுலுப்பேட்டைக்குத் திரும்பி ரூம் போட்டோம். அந்த ரூமில் கட்டில் மேல் நோட்டை விரித்து நான் கணக்கைப் படித்தேன்.

வந்தது 1,90,000. வேன், டீசல், டிரைவர் பேட்டா எல்லாம் 42,000. ரூம் 24,000, சாப்பாடு 14,000, சவுண்ட் இன்ஜினியருக்கு 15,000. ஆகச் செலவு 95,000. மொத்த வரவில் எனக்கு 15 சதவீதம், 28,500. மீதி 66,500ஐ நாலால் வகுத்தால் ஆளுக்கு 16,625.

கிட்டாரிஸ்ட் போனில் ஒரு தடவை கூட்டிப் பார்த்தான், இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தான். "அண்ணா, மேடையில வாசிச்சது நாங்க. எங்களைவிட உங்களுக்கு அதிகமா?" என்றான். செலவு போக நின்ற 95,000இல் 15 சதவீதம் என்றால் எனக்கு 14,250தான், அவர்களுக்கு ஆளுக்கு இருபதாயிரத்துக்கு மேல். நான் ஆரம்பத்தில் "15 சதவீதம்" என்று வாயால் சொன்னேனே தவிர, எதில் என்று சொல்லவில்லை. அவர்கள் செலவு போக என்று நினைத்திருந்தார்கள். அது என் தப்பு.

ஆனால் என் பக்கமும் ஒன்று உண்டு. தாமதமாகக் கிளம்பியது அவர்கள். அந்த ரூம் வாடகை என் பங்கிலிருந்தும் ஏன் கழிய வேண்டும்? மொத்த வரவில் எடுத்தால் பேண்டுக்கு வலிக்கும், செலவு போக எடுத்தால் அவர்கள் இஷ்டத்துக்குச் செய்யும் செலவு மேனேஜருக்கு வலிக்கும். கடைசியில் இப்படி எழுதிக்கொண்டோம்: செலவு போக 15 சதவீதம். கிளம்பும் முன்பே பட்ஜெட் போட்டு எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அதைத் தாண்டும் செலவு என் கணக்கில் கழியாது. கிட்டார் கம்பி, பெடல் எல்லாம் அவரவர் செலவு.

விலையை முதலில் பேசாமல் வேலை செய்வது எங்கள் வீட்டில் பழகிப்போனது. அப்பா பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்குப் போட்டுவிட்டு, என்ன விலை என்று பிறகுதான் தெரிந்துகொள்வார். கொடுத்தபின் விலை சொல்லும் வியாபாரம் வேறு எங்காவது உண்டா? நாற்பது வருடம் கேள்வி கேட்காமல் போட்டார், எனக்கு அது ஆறவே இல்லை.

15 சதவீதம் அநியாயம் இல்லை, 15 முதல் 20 வரை வழக்கத்தில் உள்ளதுதான். பீட்டில்ஸின் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் 25 சதவீதம் வரை வாங்கினார். எல்விஸின் மேனேஜர் கர்னல் பார்க்கர் ஒரு கட்டத்தில் பாதியே எடுத்தார், அது பிறகு நீதிமன்றம் வரை போனது.

உங்கள் டிரம்மரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். மேனேஜர் விலகிய பிறகு, அவர் முன்பே பிடித்து வைத்த நிகழ்ச்சிகளுக்கு எத்தனை மாதம் வரை பங்கு என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். நாங்கள் அதை எழுதவில்லை. நான் விலகும்போது இரண்டு நிகழ்ச்சிகள் பிடித்து வைத்திருந்தேன். ஒன்றுக்குப் பங்கு அனுப்பினார்கள். இன்னொன்றுக்குக் கேட்டேன், அதன்பின் கிட்டாரிஸ்ட் என் போனை எடுப்பதில்லை.