மெனு கார்டில் ஒரே ஒரு விலையை மாற்ற வேண்டுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மசால் தோசை 70 ரூபாயிலிருந்து 80 ஆகிறது. கார்டை வடிவமைத்தவரிடம் மூலக் கோப்பு இல்லை, அல்லது அவரே இப்போது ஊரில் இல்லை. கையில் இருப்பது ஒரு JPG படம் மட்டும். இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த நிலைமையில் இருந்துதான் வந்திருக்கின்றன. படத் திருத்தம் செய்து பழகாதவர்களை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் photopea.com தளத்திலேயே செய்துவிடலாம். இலவசம்தான், எதையும் கணினியில் நிறுவ வேண்டியதில்லை. போட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் இதே விசைகள் பொருந்தும்.

சார், ₹70 மேல் ஒரு பெட்டி போட்டு மூடி ₹80 என்று டைப் செய்தேன். ஒட்டுப் போட்ட மாதிரி அப்பட்டமாகத் தெரிகிறது. எந்த ஃபாண்ட் என்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன செய்வது?
– தஞ்சாவூர் வாசகர்

ஃபாண்டைத் தேடுவதை முதலில் நிறுத்துங்கள். உங்களுக்கு வேண்டிய 8 அந்தக் கார்டிலேயே இருக்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் மசால் தோசைக்கு மூன்று வரி கீழே ரவா தோசை ₹85 இருக்கிறது. அதே அளவு, அதே தடிமன், அதே நிறம். அந்த 8-ஐக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

டைப் செய்த எண் ஏன் ஒட்டாமல் நிற்கிறது என்றால், சரியான ஃபாண்டே கிடைத்தாலும் புது எண்ணின் ஓரம் கூர்மையாக இருக்கும். JPG-யில் உள்ள பழைய எண்களின் ஓரமோ கொஞ்சம் கரைந்திருக்கும். கண் அந்த வித்தியாசத்தை உடனே பிடித்துவிடும். அதே படத்திலிருந்து எடுத்த 8 அந்தக் கரைசலோடு சேர்ந்தே வரும்.

செய்முறை இது. படத்தைத் திறந்ததும் முதல் வேலையாக PSD ஆகச் சேமித்துவிடுங்கள். பழைய JPG-யைத் தொடவே கூடாது. பிறகு விலை இருக்கும் இடத்தை 400 சதவீதம் வரை பெரிதாக்குங்கள்.

முதலில் 7-ஐ மறைக்க வேண்டும். M விசையை அழுத்தி, அதே வரியில் பலகாரப் பெயருக்கும் விலைக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில், 7-ஐவிடச் சற்றே பெரிய செவ்வகம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். Ctrl+J அழுத்தினால் அந்தத் துண்டு தனி லேயராக வந்துவிடும். V அழுத்தி, Shift-ஐப் பிடித்தபடி அதைப் பக்கவாட்டில் மட்டும் நகர்த்தி 7-இன் மேல் வையுங்கள். வெற்றிடத்தை அதே வரியில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் கார்டின் பின்னணி மேலே மஞ்சளாகவும் கீழே வரவர வெளிறியும் இருக்கிறது. ஒரே உயரத்தில் எடுத்தால்தான் நிறம் பொருந்தும். செவ்வகம் ஏன் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும்? JPG படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து அழுத்துகிறது. அதனால் எழுத்தைச் சுற்றிப் பொடி தூவியது போல ஒரு கறை இருக்கும். 7-ஐ மட்டும் மூடினால் அந்தக் கறை வெளியே எட்டிப் பார்க்கும். ஆனால் பக்கத்தில் உள்ள ₹ குறியையும் 0-வையும் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 8. லேயர் பட்டியலில் கீழே உள்ள Background லேயரைச் சொடுக்குங்கள். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுவார்கள். ஒட்டு லேயரிலேயே இருந்துகொண்டு Ctrl+J அழுத்தினால் 8 வராது. மறுபடி M அழுத்தி, ₹85-இல் உள்ள 8-ஐச் செவ்வகத்தால் சுற்றி Ctrl+J அழுத்தி, அந்த லேயரைப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே இழுத்து வையுங்கள். உங்கள் விலைகள் வலது ஓரத்தில் ஒரே கோட்டில் நிற்கின்றன. பெரும்பாலான ஃபாண்ட்களில் எல்லா எண்களும் ஒரே அகலம். ஆகவே இந்த 8 ஏற்கெனவே சரியான நெடுவரிசையில்தான் இருக்கிறது. V அழுத்தி, Shift-ஐப் பிடித்தபடி நேராக மேலே தூக்கினால் போதும். கடைசிக் கொஞ்சத்தை அம்பு விசையால் ஒவ்வொரு பிக்சலாக நகர்த்துங்கள்.

எங்கே நிறுத்துவது? பக்கத்து 0-வின் அடியோடு 8-இன் அடி சேரும் இடத்தில். பழைய 7-இன் அடியை அளவாக வைத்தால் தவறும். 0, 8, 6 போன்ற உருண்டை எண்களை எழுத்துக்கோட்டுக்கு ஒரு நூல் கீழே இறங்கும்படிதான் வரைந்திருப்பார்கள். 7-க்கு அந்த இறக்கம் கிடையாது. அதோடு சேர்த்தால் 8 கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

இப்போது 8-ஐச் சுற்றி, அதன் பழைய இடத்துப் பின்னணி மெல்லிய கட்டமாகத் தெரியலாம். அந்த லேயரின் கலப்பு முறையை Normal என்பதிலிருந்து Darken என்று மாற்றுங்கள். இரண்டில் எது கருமையோ அது மட்டும் நிற்கும். வெளிறிய கட்டம் மறைந்துவிடும், கறுப்பு 8 அப்படியே இருக்கும். கரும்பின்னணியில் வெள்ளை எழுத்துள்ள கார்டாக இருந்தால் Lighten.

95 ரூபாயை 110 ஆக்க வேண்டும். ஓர் எண் கூடுகிறதே, இடம் எப்படிச் செய்வது?
– ஈரோடு, மெஸ் நடத்தும் வாசகி

வலது ஓரத்தை அசைக்காதீர்கள். கடைசி 0 எப்போதும் மற்ற விலைகளின் கடைசி எண்ணுக்கு நேர் கீழே நிற்க வேண்டும். கூடுதல் எண்ணுக்கான இடத்தை இடப்பக்கம் எடுங்கள். ₹ குறியைத் தனி லேயராக்கி, ஓர் எண்ணின் அகலத்துக்கு இடப்பக்கம் தள்ளுங்கள். உங்கள் கார்டில் பெயருக்கும் விலைக்கும் நடுவே புள்ளிக்கோடு ஓடுகிறது. அதில் எத்தனை புள்ளிகள் இடிக்கின்றனவோ அத்தனையையும் முழுதாக மூடுங்கள். பாதிப் புள்ளி மிச்சமிருந்தால் அச்சில் அழுக்கு மாதிரி தெரியும். கார்டில் வேறெங்காவது 110 அல்லது 115 இருந்தால் வேலை இன்னும் சுலபம். ₹11 என்பதை ஒரே துண்டாக எடுத்துவிடுங்கள், இடைவெளியும் சேர்ந்தே வந்துவிடும்.

கார்டில் எங்குமே 8 இல்லை. அடியில் உள்ள ஃபோன் நம்பரில் மட்டும் பெரிதாக இருக்கிறது. அதைச் சின்னதாக்கிப் போடலாமா?
– ஓசூர்

கொஞ்சம்தான் வித்தியாசம் என்றால் செய்யலாம். பாதியாகச் சுருக்கினால் ஓரத்தின் கரைசலும் பாதியாகி, பக்கத்து 0-வுக்கு முன்னால் கூர்மையாகத் தனித்துத் தெரியும். அந்த நிலையில் ஒரு வழி: 8 மட்டும் அல்ல, அந்தப் பத்தியில் உள்ள எல்லா விலைகளையும் அழித்துவிட்டு ஒரே ஃபாண்டில் புதிதாக டைப் செய்யுங்கள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் யாரும் ஃபாண்டை ஆராயப் போவதில்லை. 9 இல்லாதவர்கள் 6-ஐ 180 டிகிரி சுழற்றிப் பாருங்கள், பல ஃபாண்ட்களில் பொருந்தும். நிழல் போட்ட எழுத்து என்றால் வேண்டாம், நிழல் எதிர்ப்பக்கம் விழும்.

திருத்தி அனுப்பினேன். பிரஸ்காரர் "ரெசல்யூஷன் பத்தாது" என்கிறார். 72 என்று இருந்ததை 300 என்று மாற்றி அனுப்பியும் அதையே சொல்கிறார்.
– நாகர்கோவில்

அவர் சொல்வது சரி. அந்த 300 என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சலை அடுக்க வேண்டும் என்ற குறிப்புதான். படத்தில் இல்லாத பிக்சலை அது கொண்டுவராது. பார்க்க வேண்டியது மொத்த பிக்சலை. A4 கார்டு அச்சில் பளிச்சென்று வர 2480×3508 பிக்சல் வேண்டும். உங்கள் படத்தின் நீளப்பக்கம் 1600 மட்டுமே. A4 நீளம் 11.69 அங்குலம், ஆக அங்குலத்துக்கு 137-தான் வருகிறது. பலகாரப் பெயர்களை எப்படியோ படிக்கலாம், அடியில் உள்ள பொடி எழுத்துகள் குழைந்துவிடும்.

1600 என்றதுமே எனக்கு வாட்ஸ்அப் ஞாபகம்தான் வருகிறது. சாதாரணமாகப் புகைப்படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். கார்டை உங்களுக்கு அனுப்பியவரிடம் அதே படத்தை Document ஆக, இல்லையென்றால் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். பெரிய படம் கிடைத்துவிட்டால் திருத்தத்தை அதில் முதலிலிருந்து செய்யுங்கள். சின்னதில் செய்த ஒட்டை இழுத்துப் பெரிதாக்கிப் போடாதீர்கள்.

திரையில் ஒன்றுமே தெரியவில்லை. அச்சடித்து வந்ததும் விலைக்குப் பின்னால் செவ்வகம் தெரிகிறது. ஏன்?
– மதுரை

வெளிர் நிறங்களில் உள்ள சிறு வேறுபாட்டைத் திரை, அதுவும் வெளிச்சத்தைக் கூட்டி வைத்த லேப்டாப் திரை, மறைத்துவிடும். உங்கள் ஒட்டு தூய வெள்ளை. கார்டோ வெள்ளை மாதிரி தெரியும் சந்தன நிறம். அச்சில் வெள்ளை என்றால் மையே விழாத வெறும் காகிதம். சுற்றிலும் லேசாக மை விழுந்திருக்க, நடுவில் ஒரு கட்டம் மட்டும் மொட்டையாக இருக்கிறது.

அச்சுக்குப் போகும் முன் இதைக் கண்டுபிடிக்கலாம். Layer > New Adjustment Layer > Levels போய், இடது ஓரத்தில் உள்ள கறுப்பு முக்கோணத்தை வலப்பக்கம் 220, 230 வரை இழுங்கள். கார்டு முழுவதும் இருண்டு கோரமாகிவிடும். பயப்படாதீர்கள். எங்கெல்லாம் ஒட்டுப் போட்டீர்களோ அங்கெல்லாம் கட்டங்கள் பளிச்சென்று தெரியும். சரிசெய்த பிறகு அந்த Levels லேயரை மறக்காமல் நீக்குங்கள். அதன் பின், பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஒரு கலர் பிரிண்ட், Fit இல்லாமல் Actual size-இல் எடுத்துப் பாருங்கள்.

படமே இல்லை. அச்சான கார்டுதான் இருக்கிறது. மொபைலில் ஃபோட்டோ எடுத்துத் திருத்தலாமா?
– காரைக்குடி

வேண்டாம். கோணல், நிழல், லேமினேஷன் பளபளப்பு எல்லாம் கூடவே வரும். ஸ்கேன் செய்தாலும் அச்சின் நுண்புள்ளிகள் படத்தில் பதிந்து, மறுபடி அச்சடிக்கும்போது புதுப் புள்ளிகளோடு மோதி, பட்டுப்புடவைபோல் அலையலையாக ஒரு கோலம் விழும். பழைய கார்டைப் பார்த்துப் புதிதாக டைப் செய்யக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்பது விலை மாற்றினேன். தவறுதலாக வேறு எதையும் தொட்டுவிட்டேனா என்று எப்படிச் சரிபார்ப்பது?
– கோயம்புத்தூர்

கண்ணை நம்பாதீர்கள். பழைய JPG-யைத் திறந்து Ctrl+A, Ctrl+C. திருத்திய PSD-க்கு வந்து எல்லா லேயருக்கும் மேலே Ctrl+V. கலப்பு முறையை Difference ஆக்குங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கும் இடமெல்லாம் கறுப்பாகிவிடும். மாறிய இடம் மட்டும் ஒளிரும். ஒன்பது இடங்கள் ஒளிர்ந்தால் சரி. பத்தாவது ஒளிர்ந்தால், ஏதோ ஒரு லேயர் துணுக்கு எங்கோ சிதறிக் கிடக்கிறது. பார்த்து முடித்ததும் அந்த லேயரை நீக்கிவிட்டு PNG-யாகவோ PDF-ஆகவோ ஏற்றுமதி செய்யுங்கள். JPG-தான் வேண்டும் என்று பிரஸ் கேட்டால் தரத்தை 100 சதவீதம் வைத்து ஒரே முறை சேமியுங்கள்.

இந்தச் சோதனையில் சிக்காதது ஒன்று உண்டு: மாற்ற வேண்டியிருந்தும் மாற்றாமல் விட்ட விலை. நீங்கள் அனுப்பிய கார்டின் பின்பக்கத்தில் மசால் தோசையும் காபியும் சேர்த்து ₹85 என்று ஒரு காம்போ இருக்கிறது. தோசை 70, காபி 20 ஆக இருந்தபோது வாடிக்கையாளருக்கு 5 ரூபாய் லாபம். தோசை 80 ஆனதும் அது 15 ரூபாய் ஆகிவிட்டது. அப்படியே விடலாமா, 95 ஆக்கலாமா என்பதைப் பிரஸுக்கு அனுப்பும் முன்னால் முதலாளியிடம் கேட்டுவிடுங்கள்.