அவசர நிதி யார் பெயரில்?

அன்புள்ள அண்ணா,

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 41. மனைவி வேலைக்குப் போகவில்லை. இரண்டு பிள்ளைகள், கூடவே அம்மா. வாடகை 13,000, மளிகை பால் கேஸ் 14,000, பெட்ரோல் போன் கரண்ட் 6,000, அம்மாவின் மருந்து 5,000 என மாதம் 38,000 ஆகிறது. அவசரத்துக்கு என்று என் பெயரில் 2,30,000 எஃப்டி போட்டிருக்கிறேன். மனைவி நாமினி. ஆறு மாதச் செலவு போதுமா, ஒரு வருடம் வேண்டுமா? தங்கமாக வைக்கலாமா?

அன்புள்ள தம்பி,

தங்கத்தை விடுங்கள். வீட்டில் இருக்கிற நகை ஆபத்துக்கு உதவும். அதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம்.

38,000 தப்பு. கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு பள்ளிக் கட்டணத்தை எப்படி விட்டீர்கள்? எல்ஐசி பிரீமியம் எங்கே? வருடத்துக்கு ஒரு முறை வருவதெல்லாம் மாதப் பட்டியலில் ஒளிந்துகொள்ளும். ஒரு பேச்சுக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டணம் 60,000, பிரீமியம் 24,000 என்று வைத்தாலே மாதத்துக்கு 7,000 கூடுகிறது. ஆக 45,000. வேலை போனால் கம்பெனி எடுத்துக்கொடுத்த மெடிக்கல் இன்சூரன்ஸும் கூடவே போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள்.

எத்தனை மாதம் என்பதை உங்கள் தொழிலில்தான் கேட்க வேண்டும். உங்கள் வயதில் வேலையிழந்த இரண்டு மூன்று பேரிடம், அடுத்த வேலை கிடைக்க எவ்வளவு நாளானது என்று விசாரியுங்கள். ஐந்து மாதம் என்றால், புது இடத்தில் முதல் சம்பளம் கைக்கு வர இன்னும் ஒரு மாதம். ஆறு ஆயிற்று. இது வேலை போனால் மட்டும். சம்பாதிக்கிறவரே படுத்துவிட்டால் சம்பளமும் நிற்கும், இன்சூரன்ஸ் தராத மருத்துவச் செலவும் ஏறும். இரண்டு பேர் சம்பாதிக்கிற வீட்டில் மற்றவர் சம்பளமாவது ஓடும். உங்கள் வீட்டில் ஒன்றுமே வராது. அதற்கு மூன்று மாதம் கூட்டி ஒன்பது என்று வையுங்கள். 4,05,000. முடிந்தால் ஒரு வருடம், தப்பே இல்லை.

இனி எனக்கு ஆத்திரம் வந்த இடத்துக்கு வருகிறேன். 'என் பெயரில், மனைவி நாமினி.' தம்பி, நீங்கள் இறந்த பிறகுதான் நாமினிக்கு அந்தப் பணத்தில் வேலை. நீங்கள் ஐசியுவில் உயிரோடு கிடந்தால் அவரால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது.

என் அக்கா வீட்டில் நடந்தது இது. மாமாவுக்குப் பக்கவாதம். எஃப்டி இரண்டு பேர் பெயரிலும், 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்' என்ற முறையில் இருந்தது. அக்கா தைரியமாகத்தான் ரசீதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். "முதிர்வு தேதி வந்திருந்தால் உங்கள் கையெழுத்தே போதும்மா. முன்னாடியே உடைக்க சார் கையெழுத்தும் வேண்டும்" என்று சொல்லிவிட்டார்கள். வங்கி விதி அப்படித்தான். கையெழுத்துப் போட முடியாத நோயாளியிடம் சாட்சிகள் முன்னால் கைரேகை வாங்க வழி உண்டு. ஆனால் மாமாவுக்கு நினைவே இல்லை. அன்று சாயங்காலம் அக்கா வளையல்களைக் கழற்றி அடகு வைத்தார். சொந்தப் பணம் வங்கியில் சும்மா கிடக்க, அடகுக் கடைக்கு வட்டி கட்டினார். சேமிப்புக் கணக்கில் இருவரில் ஒருவர் கையெழுத்தே போதும் என்பது எஃப்டியை முன்னாடியே உடைப்பதற்கும் பொருந்தும் என்று நினைத்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இரண்டு மாதச் செலவு, 90,000, உங்கள் மனைவியின் சொந்த சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். ஏடிஎம் அட்டை அவரிடம், ஓடிபி அவர் போனுக்கு. மீதியில் பாதிக்கு மேல் அவர் ஒருவர் பெயரிலேயே எஃப்டியாகப் போடுங்கள், நீங்கள் நாமினி. ஒரே எஃப்டியாக வேண்டாம், ஐம்பதாயிரம் ஐம்பதாயிரமாகப் பிரித்துப் போட்டால், தேவைப்படும்போது ஒன்றை மட்டும் உடைக்கலாம். நீங்கள் கொடுத்த பணம் என்பதால் அந்த வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும். சேரட்டுமே, அது பெரிய விஷயமில்லை.

'அவளுக்கு வங்கி விஷயமெல்லாம் தெரியாது' என்று மட்டும் திரும்ப எழுதிவிடாதீர்கள். மாதம் 45,000 செலவாகிற வீட்டை நடத்துகிறவருக்கு ஒரு எஃப்டி தெரியாதா? நீங்கள் கூட்டிப்போய்க் காட்டவில்லை, அவ்வளவுதான்.

கணக்குகளை மாற்றியதும், உங்கள் போனை உங்களிடமே வைத்துக்கொண்டு நீங்கள் வேலைக்குப் போங்கள். அன்றைக்கு அவர் தனியாக வங்கிக்குப் போய் ஒரு எஃப்டியை உடைத்துப் பார்க்கட்டும். வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், பரவாயில்லை. எந்த கவுண்டரில், எந்தக் காகிதத்துக்காக அவரைத் திருப்பி அனுப்பினார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.