ஆபீஸுக்குத் திரும்பச் சொன்னால்: எல்லையோர வாசகர்களின் கேள்விகள்

வீடு கொழிஞ்சாம்பாறையில், கம்பெனி கோயம்புத்தூரில். 2021-இல் சேர்ந்ததிலிருந்து வீட்டில்தான் வேலை. பத்து நாளில் ஆபீஸுக்கு வரச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. முடியாது என்று சொல்லலாமா சார்?

சேரும்போது கொடுத்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை முதலில் எடுத்துப் பாருங்கள். வேலை செய்யும் இடம் கோயம்புத்தூர் என்றிருந்தால், இத்தனை வருடம் வீட்டிலிருந்து பார்த்தது சலுகைதான். பெரும்பாலான ஆர்டர்கள் அப்படித்தான் இருக்கும். 'வீட்டிலிருந்து' என்றே போட்டிருந்தால் அது ஒப்பந்தத்தின் பகுதி. சம்மதம் கேட்காமல் மாற்றியது தப்பு என்று வாதாட இடமுண்டு.

சலுகையாக இருந்தாலும் ஒரு பிடி இருக்கிறது. வழக்கமாகக் கொடுத்துவந்த சலுகையை நிறுத்த 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று 1947-ஆம் வருடத்துத் தொழில் தகராறு சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்திலும் அது தொடர்கிறது. பத்து நாள் போதாது என்று அதை வைத்துக் கேட்கலாம். ஆனால் மேனேஜர்களுக்கும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் சூப்பர்வைசர்களுக்கும் இது பொருந்தாது. பதவிப் பெயரைவிடச் செய்யும் வேலைதான் கணக்கு: டீம் லீட் என்று பெயர் இருந்தாலும் நாள் முழுக்கப் புரோகிராம் எழுதுபவர் கேட்டுப் பார்க்கலாம். அப்படியே ஜெயித்தாலும் கிடைப்பது அவகாசம்தான், நிரந்தரமாக வீடு அல்ல.

எதுவும் சொல்லாமல் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். "தானாகவே வேலையை விட்டுவிட்டார்" என்று கடிதம் அனுப்ப அதுவே வசதியாகிவிடும். வேளந்தாவளம் வழியாகப் போய்வர ஆகும் நேரத்தை எழுதி, வாரத்தில் எத்தனை நாள் வரமுடியும் என்று சொல்லி, பதில் வரும்வரை வேலையைத் தொடர்வதாக மெயில் போடுங்கள். அதன் நகல் உங்கள் சொந்த மெயிலிலும் இருக்கட்டும். ஆபீஸ் மெயிலை எந்த நிமிடமும் பூட்டிவிடுவார்கள்.

குப்பத்திலிருந்து பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். சேர்ந்து நாலு வருடம் பத்து மாதம். தினமும் ரயிலில் போய்வர முடியாது, ராஜினாமா செய்துவிடட்டுமா?

இரண்டு மாதம் பொறுங்கள். ஐந்து வருடம் முடிந்தால் கிராஜுவிட்டி உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளம் 30,000 என்றால், அதை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, ஐந்தால் பெருக்குங்கள்: சுமார் 86,500 ரூபாய். நாலு வருடம் 240 நாள் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதுண்டு; பெங்களூர்க் கம்பெனியிடம் அதை நம்பி இறங்காதீர்கள். நோட்டீஸ் காலமும் சர்வீஸில் சேரும் என்று கணக்குப் போட்டு இன்றே எழுதிக் கொடுத்தாலும் ஆபத்து. அதற்கான சம்பளத்தைக் கொடுத்து, மறுநாளே அனுப்பிவிடலாம் என்ற விதி பல ஆர்டர்களில் இருக்கும்.

நகரியில் இருக்கிறேன், சென்னை ஆபீஸுக்கு அழைக்கிறார்கள். குழந்தைக்கு எட்டு மாதம்.

பிரசவ விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது, இப்போதைய சட்டத்திலும் அது தொடர்கிறது. ஆனால் கம்பெனியும் ஒத்துக்கொள்ள வேண்டும். உரிமையாகக் கேட்க முடியாது. குழந்தைகள் காப்பகம் அப்படியல்ல. ஐம்பது பேர், அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் அந்த வசதி கட்டாயம். ஒரு நாளைக்கு நாலு தடவை போய்க் குழந்தையைப் பார்த்துவரவும் விட வேண்டும். காப்பகம் எங்கே என்று மெயிலில் கேளுங்கள். இல்லாத கம்பெனி, வீட்டிலிருந்து வேலை பார்ப்பதை இன்னும் சில மாதம் நீட்டிக்க அப்போது இறங்கி வரக்கூடும்.