தேநீர் நிறத்தில் சிறுநீர்: தொண்டை வலி வந்த தேதி முக்கியம்

"மூன்று நாளாகச் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறது. எரிச்சல் இல்லை. இரண்டு வாரம் முன் தொண்டை வலி வந்து சரியானது."

மருத்துவரிடம் அந்தத் தொண்டை வலியை முதலில் சொல்லுங்கள். ஸ்ட்ரெப் கிருமி தொண்டைக்கு வந்துபோன 1 முதல் 3 வாரத்தில் சிறுநீரக வடிகட்டிகள் அழற்சி அடைவதுண்டு. அங்கே கசியும் ரத்தம் வரும் வழியிலேயே நிறம் மாறிவிடும். பளிச்சென்ற சிவப்பும் ரத்தக்கட்டியும் என்றால் பெரும்பாலும் சிறுநீர்ப்பைப் பக்கம்தான் பார்ப்பார்கள். மஞ்சள் காமாலையிலும் கடும் உடற்பயிற்சிக்குப் பிறகும்கூட இதே நிறம் வரும். அதனால் கண் மஞ்சளா, தசை வலிக்கிறதா என்றும் கவனியுங்கள்.

நாளைக்கே போங்கள். அதற்குள் காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம், சிறுநீரில் அடங்காத நுரை, சாப்பிட்ட மாத்திரைகள் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். வலி மாத்திரை இப்போது வேண்டாம், சிறுநீரகத்துக்கு அது கூடுதல் சுமை. அப்புறம், சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ மூச்சு வாங்கினாலோ நாளை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.