சீட்டுக் காசும் ஆறாமிடத்துச் சுக்கிரனும்

கேள்வி: நான் மேட லக்கினம். இரண்டாம் வீட்டுக்காரன் சுக்கிரன் ஆறில், கன்னியில் நீசம். கூடவே புதன். வாக்குச் சரியில்லை, காசு தங்காது, தன்மதிப்பும் குறைவு என்று சாத்திரியார் சொல்லிவிட்டார். உண்மையிலேயே மாதச் சீட்டைத் தவிர என் கையில் ஒரு சதமும் மிஞ்சுவதில்லை. பரிகாரம் என்ன?
– வாசகி, சுன்னாகம்

பதில்: பரிகாரம் கிடக்கட்டும். சீட்டு என்றீர்களே, அதைக் கொஞ்சம் பேசுவோம்.

20 பேர், ஆளுக்கு மாதம் 10,000 ரூபாய், மொத்தம் 2 இலட்சம். முதற் சீட்டு, சீட்டை நடத்தும் தாச்சிக்கு. அதற்கு அவர் ஒரு சதமும் கழிக்கமாட்டார். தாச்சி என்றால் அதுதானே சுகம். அடுத்த மாதம் கூரை ஒழுகுகிறவர் 30,000 கழித்து 1,70,000 எடுப்பார். கழிவு 20 பேருக்கும் பிரியும், ஆளுக்கு 1,500. அந்த மாதம் நீங்கள் கட்டுவது 8,500. கடைசிவரை பொறுத்திருப்பவருக்கு முழு 2 இலட்சமும் வரும், வழியில் கழிவு வந்த இலாபமும் உண்டு. ஆக ஒரே சீட்டில் முன்னுக்கு எடுப்பவர் கடனாளி, பின்னுக்கு எடுப்பவர் சேமிப்பாளர். தாச்சி ஊரை விட்டுப் போனால் இருவரும் ஒன்றுதான், அது வேறு கதை.

உங்கள் சாதகத்தின் கதையும் இதேதான். மேடத்துக்கு இரண்டாமிடம் இடபம், அதன் அதிபதி சுக்கிரன். பன்னிரண்டு லக்கினங்களில் மேடத்துக்கும் கன்னிக்கும் மட்டுமே சுக்கிரன் இரண்டாமிடத்துக்கு உடையவன். அவன் போய் நிற்கும் ஆறாமிடம் கடன், நோய், பகை, ஊழியம் நான்கையும் குறிக்கும். பதினொன்று காசு வரும் வாசல்; இரண்டு, வந்ததில் பெட்டிக்குள் தங்குவது. பெட்டிச் சாவி கடன்வீட்டில் தொங்குவதால், 'சும்மா மிஞ்சட்டும்' என்று விட்ட காசு உங்களிடம் மிஞ்சாது. கட்டியே தீரவேண்டும், தவறினால் மானம் போகும் என்று கடன் வடிவத்தில் வந்தால் ஒழுங்காகச் சேரும். சீட்டு ஒன்றுதான் நிற்கிறது என்கிறீர்கள். அந்த அமைப்பு சொல்வதும் அதைத்தான். ஆறாமிடம் உபசய ஸ்தானம் வேறு. இருபதில் காட்டாததை நாற்பதில் காட்டும் இடம் அது.

இனி நீசம். சாத்திரியார் இராசிக் கட்டத்தைப் பார்த்ததோடு எழும்பிவிட்டார் போல. சுக்கிரன் எந்தப் பாதத்தில் என்று கேட்டீர்களா? கன்னியில் உத்தரத்தின் கடைசி மூன்று பாதங்கள், அத்தம் முழுவதும், சித்திரையின் முதல் இரண்டு பாதங்கள் அடங்கும். உத்தரம் நாலாம் பாதம் என்றால் நவாம்சத்தில் சுக்கிரன் மீனத்துக்குப் போய் உச்சம். அத்தம் இரண்டாம் பாதம் என்றால் இடபத்தில், சொந்த வீட்டில். சித்திரை இரண்டாம் பாதத்தில் நின்றால்தான் நவாம்சத்திலும் கன்னி; பரமநீசமான 27 பாகையும் அந்தப் பாதத்துக்குள்தான் வருகிறது. அப்போது சாத்திரியாருடைய முகச்சுளிப்புக்கு ஒரு நியாயம் உண்டு.

கூட நிற்கும் புதனையும் அவர் எண்ணவில்லை. கன்னி புதனுக்குச் சொந்த வீடு, உச்ச வீடு இரண்டும். நீசன் நிற்கும் வீட்டுக்காரன் உச்சமாகிக் கூடவே இருந்தால் நீசம் முறிந்து நீசபங்கம் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. உங்கள் சந்திரன் மிதுனம், கன்னி, தனு, மீனம் ஒன்றில் இருந்தால் புதன் சந்திர கேந்திரமும் ஆகிறான், பங்கம் இன்னும் உறுதி. சூரியனும் கன்னிக்குள் வந்து சுக்கிரனை 10 பாகைக்குள் நெருங்கினால் மட்டும் அஸ்தமனம், பலம் குறையும். ஆனால் ஒன்று: மேடத்துக்குப் புதன் ஆறாமிடத்துக்கும் உடையவன். கடனுக்கு அதிபதி உச்சம் என்றால் கடன் கேட்ட இடத்தில் கிடைக்கும். லீசிங்காரன் உங்களைத் தேடி வருவான். காசு ஓட்டையாவது அங்கேதான், சுக்கிரனால் அல்ல.

வாக்குக்குக் காரகன் புதன். அவன் உச்சமாகி வாக்காதிபதியோடு நிற்கையில் 'வாக்குச் சரியில்லை' என்பது எந்தக் கணக்கு? கன்னிப் புதன் பிழை பிடிக்கும் புதன், நிற்பது வழக்கு வீடு. வாய் கூர்மையாக இருக்கும், கணக்குப் புத்தகத்திலும் நீதிமன்றத்திலும் சம்பளம் தரும், கலியாண வீட்டில் பகை தேடித் தரும். குடும்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஆறும் புதனும் அம்மானைக் குறிப்பவை. உங்கள் வீட்டில் காசைப் பற்றிய பழக்கவழக்கம் தாய்வழி மாமனிடமிருந்து வந்ததா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஏழுக்கும் ஒருவனே அதிபதி என்பதால் சீதனப் பேச்சில் கைச்சாத்து வாங்கிக்கொள்ளுங்கள். 1707இலேயே ஒல்லாந்தர் முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று பிரித்துத் தேசவழமையை எழுதிவைத்தார்கள். நம்மவர் இன்னும் வாய்ப்பேச்சில் காணி கொடுக்கிறார்கள்.

எனக்கு வயிறெரிவது அந்தத் 'தன்மதிப்பு'. நம் சாத்திரத்தில் இரண்டாமிடம் தனம், வாக்கு, குடும்பம், முகம், வலது கண், உணவு. தனகாரகன் குரு, சுக்கிரன் அல்ல. தன்னைப் பற்றிய எண்ணத்துக்கு லக்கினம், லக்கினாதிபதி, சூரியன் இவற்றைத்தான் பார்ப்பார்கள். முதல் வீடு மேடம், இரண்டாம் வீடு இடபம் என்று வைத்து, இடபத்துக்காரன் சுக்கிரனைக் கூப்பிட்டு, காசும் சுயமதிப்பும் ஒன்று என்பது மேல்நாட்டு முறை. அது பிழை என்று சொல்லவில்லை, அவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் அவர்கள் கணிப்பது சாயனம். நம் நிராயனத்தோடு ஏறக்குறைய 24 பாகை வித்தியாசம். நம் கணக்கில் கன்னி 8 பாகையில் நிற்கும் சுக்கிரன் அவர்கள் கணக்கில் துலாம் 2 பாகையில், தன் சொந்த வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருப்பான். மேடத்தில் 6 பாகை தாண்டிய லக்கினம் அவர்களுக்கு இடபமாகிவிடும். நீசத்தை நம் கட்டத்திலிருந்தும் பலனை அவர்கள் புத்தகத்திலிருந்தும் எடுத்து ஒரு பெண்பிள்ளையின் தலையில் போடுவது சாத்திரமல்ல, சோம்பல்.

பாதம் பார்க்கும்போது குறிப்பு எந்தப் பஞ்சாங்கத்தில் கணித்தது என்றும் கேளுங்கள். ஒரு பாதம் 3 பாகை 20 கலைதான். வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் உத்தரம் நாலாம் பாதம் அத்தம் முதலாம் பாதமாக மாறிவிடலாம், நவாம்ச உச்சம் காணாமற் போகும். வருஷப்பிறப்பே இரண்டு நேரத்தில் பிறக்கும் ஊர் இது. கொக்குவில் பஞ்சாங்கமா மட்டுவில் பஞ்சாங்கமா என்ற சண்டையை இந்தப் பக்கத்தில் முன்பு கிளப்பி வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். சுக்கிரனும் புதனும் எங்கே நிற்கின்றன என்பதற்கு வானம் திருக்கணிதத்தின் பக்கம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

பிறந்த நேரத்தையும் ஒருக்கால் சரிபாருங்கள். ஒரு லக்கினம் சுமார் இரண்டு மணி நேரம் ஓடும். உங்களுடையது மேடத்தின் விளிம்பில் இருந்து, திருத்தியபின் இடபமாக வந்துவிட்டால், சுக்கிரன் லக்கினாதிபதியாகி ஐந்தில்; இரண்டுக்கும் ஐந்துக்கும் உடைய புதன் அதே ஐந்தில் உச்சம். அப்படி வந்தால் சாத்திரியாரிடம் போய்க் கொடுத்த தட்சணையைத் திருப்பிக் கேளுங்கள். வாக்குக்குத்தான் குறைவில்லையே.