மன்னிப்புக் கடிதம் வாங்கிவிட்டால் விசாரணை முடிந்ததாகுமா?

*என் மகன் மதுரைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். சென்ற மாதம் ஹாஸ்டலில் இன்னொரு பையனோடு கைகலப்பு. மறுநாள் காலையில் முதல்வர் அறையில் நிற்க வைத்து மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள். நாலாவது நாள், "ஒழுங்கீனமாக நடந்துகொண்டதால் நீக்கப்படுகிறார், டிசியைப் பெற்றுக்கொள்ளவும்" என்று ஒற்றைப் பக்க உத்தரவு வந்தது. அடுத்த மாதம் செமஸ்டர் தேர்வு. என்ன செய்யலாம்?*

முதலில் ஒன்று: டிசியை இப்போது வாங்க வேண்டாம். டிசி கேட்டு மாணவர் கொடுக்கும் விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில் "சொந்த விருப்பம்", "குடும்பச் சூழ்நிலை" என்று ஏதாவது எழுதச் சொல்வார்கள். உங்கள் மகன் கையெழுத்துப் போட்ட நிமிடமே அவன் நீக்கப்பட்டவன் அல்ல, தானாக விலகியவன் ஆகிவிடுவான். பிறகு எதை எதிர்த்து வழக்குப் போடுவது?

இனி அந்த மன்னிப்புக் கடிதத்துக்கு வருவோம். இந்த மாதிரி வழக்குகளில் கல்லூரி தாக்கல் செய்யும் பதில் மனுவைப் புரட்டினால் அநேகமாக முதல் ஆவணமே அதுவாகத்தான் இருக்கும். "மாணவரே குற்றத்தை ஒப்புக்கொண்டார், அதனால் விசாரணை தேவைப்படவில்லை" என்பது வாதம். இதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தெளிவான குற்றச்சாட்டைக் கொடுத்த பிறகு, யோசிக்க அவகாசம் தந்து, மாணவர் தானாக ஒப்புக்கொண்டிருந்தால் அந்த வாதம் நிற்கவும் செய்யும். உங்கள் மகன் விஷயத்தில் நடந்தது அதுவல்ல. எழுதும்போது அவன் கையில் குற்றச்சாட்டே இல்லை. "எழுதிக் கொடு, விட்டுவிடுகிறோம்" என்று யாராவது சொன்னார்களா, கடிதத்தின் வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தது யார், அறையில் யார் யார் இருந்தார்கள் என்று அவனிடம் கேட்டு, நினைவு மங்குவதற்குள் எழுதி வையுங்கள். "நடந்ததற்கு வருந்துகிறேன்" என்பதும் "நான்தான் முதலில் அடித்தேன்" என்பதும் ஒன்றல்ல. கடிதத்தில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் வழக்கின் பலம்.

விசாரணை நடத்த வேண்டும் என்று கல்லூரி விதியில் இல்லையே என்று சிலர் கேட்பார்கள். இருக்க வேண்டிய அவசியமில்லை. உத்தரப் பிரதேசத்தில் மூன்று மாணவர்களின் தேர்வு முடிவை, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தேர்வு வாரியம் ரத்து செய்தது. கன்ஷ்யாம் தாஸ் குப்தா வழக்கு என்று அதற்குப் பெயர். மாணவரைக் கேட்க வேண்டும் என்று வாரிய விதிகளில் எங்கும் இல்லை. ஆனாலும் ஒருவருடைய எதிர்காலத்தையே பாதிக்கும் முடிவை எடுப்பவர் அவரைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று 1962-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கேட்பது என்றால் எந்த அளவுக்கு? பெற்றோர்கள் இங்கேதான் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். கோர்ட்டில் நடப்பதுபோல் சாட்சிக் கூண்டு, வக்கீல், குறுக்கு விசாரணை எல்லாம் வேண்டும் என்று நினைக்கிறார்கள். சட்டம் அவ்வளவு தூரம் போவதில்லை. ராஞ்சி ராஜேந்திரா மருத்துவக் கல்லூரி வழக்கில், இரவில் மாணவியர் விடுதிக்குள் புகுந்து அத்துமீறியதாக மாணவர்கள் மீது புகார். விசாரணைக் குழு மாணவிகளின் வாக்குமூலத்தை அந்த மாணவர்கள் இல்லாத நேரத்தில் வாங்கியது. பலருடைய படங்களோடு இவர்களுடைய படத்தையும் கலந்து காட்டி அடையாளம் கேட்டது. பிறகு மாணவர்களை அழைத்து, புகாரைச் சொல்லி, விளக்கம் வாங்கியது. இரண்டு ஆண்டு நீக்கம். குறுக்கு விசாரணைக்கு விடவில்லை என்று அவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சாட்சிகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அந்த மாணவிகளுக்கே ஆபத்து, புகாரைச் சொல்லி விளக்கம் கேட்டதே போதும் என்று 1973-ல் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. ஆகவே எதிர்ப்பக்கத்துப் பையனைக் குறுக்கு விசாரணை செய்ய விடவில்லை என்பதை உங்கள் முதல் வாதமாக வைக்காதீர்கள்.

நீங்கள் பிடிக்க வேண்டிய இடம் வேறு. தண்டனைக்கு முன்னால், என்ன குற்றம் என்று எழுத்தில் சொன்னார்களா? "ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்" என்பது குற்றச்சாட்டு ஆகாது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த பிளாக், யாரை எப்படி அடித்தான் என்று இருந்தால்தான் "நான் தடுக்கத்தான் போனேன்" என்றோ "அந்த நேரத்தில் மெஸ்ஸில் இருந்தேன்" என்றோ பதில் சொல்ல முடியும். அடுத்து, பதில் சொல்ல நாள் கொடுத்தார்களா? முடிவெடுத்தவர்களில் புகார் கொடுத்த வார்டனும் உட்கார்ந்திருந்தாரா? உத்தரவில் காரணம் எழுதியிருக்கிறார்களா, அவனுடைய விளக்கத்தை ஏன் ஏற்கவில்லை என்று ஒரு வரியாவது உண்டா? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் குற்றச்சாட்டும் இல்லை, அவகாசமும் இல்லை, காரணமும் இல்லை. கூடவே இன்னொன்று: இதற்கு முன் அவன் மேல் புகாரே இல்லை என்றால், ஒரு கைகலப்புக்கு சஸ்பெண்டோ அபராதமோ போதாதா, படிப்பையே முடிக்க வேண்டுமா என்ற கேள்வியும் நிற்கும்.

இந்த வாரமே கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் போகட்டும். நகல் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு. புகாரின் நகல், விசாரணைக் குழு கூடியிருந்தால் அதன் குறிப்பு, எந்த விதியின் கீழ் நீக்கினார்கள் என்ற விவரம், இவற்றைக் கேளுங்கள். மன்னிப்புக் கடிதம் எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டது என்பதை இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். கோர்ட்டில் முதன்முதலாகச் சொன்னால் வக்கீல் ஜோடித்த கதை என்பார்கள்.

யூஜிசி 2023-ல் கொண்டுவந்த விதிமுறைப்படி கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகக் குறைதீர்ப்பு அதிகாரியிடம் மேல்முறையீடு. அவருக்கு 30 நாள். கூட்டிப் பார்த்தால் உங்கள் மகனின் செமஸ்டர் போய்விடும். எனவே குழுவுக்கு மனுவைக் கொடுத்துவிட்டு, காத்திருக்காமல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுத் தாக்கல் செய்யலாம். மாற்று வழி இருக்கும்போது இங்கே ஏன் வந்தாய் என்ற ஆட்சேபம், கேட்காமலே தண்டித்த வழக்குகளில் முழுத் தடையாக நிற்பதில்லை. தனியார் கல்லூரி மேல் ரிட் செல்லுமா என்று கல்லூரித் தரப்பு கேட்கும். கல்வி தருவது பொதுக் கடமை என்ற அடிப்படையில், சென்னையை அடுத்த ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் மீதே ரிட் செல்லும் என்று ஜேனட் ஜெயபால் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மனுவோடு, தேர்வு எழுத அனுமதிக்கும்படி இடைக்கால உத்தரவும் கேளுங்கள். கிடைத்தால் பெரும்பாலும் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டதாகவே இருக்கும், தேர்வு முடிவை நிறுத்தியும் வைக்கலாம். இறுதியில் ஜெயித்தாலும் நீதிமன்றம் "உங்கள் மகன் குற்றமற்றவன்" என்று சொல்லப்போவதில்லை. உத்தரவை ரத்து செய்து, முறைப்படி விசாரித்து முடிவெடுங்கள் என்று கல்லூரிக்கே திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். அந்த இரண்டாவது விசாரணையில் சொல்ல வேண்டியதை இப்போதிருந்தே தயார் செய்யுங்கள். சம்பவத்தைப் பார்த்த பையன்கள் யார், காரிடார் கேமரா இருந்ததா என்று பாருங்கள். கேமராப் பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும், ஆகவே பாதுகாத்து வைக்கும்படி மேலே சொன்ன கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கல்லூரி இதை ராகிங் என்று எழுதியிருந்தால் பாதை மாறும். 1997-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமும் யூஜிசியின் 2009 விதிமுறையும் வரும், போலீஸ் புகாரும் வரலாம். உத்தரவில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மகனுக்கு 18 வயது முடிந்திருக்கும் என்பதால் மனுதாரர் அவன்தான், நீங்கள் அல்ல. பிரமாணப் பத்திரத்திலும் வக்காலத்திலும் அவன் கையெழுத்து வேண்டும். வக்கீலைப் பார்க்கப் போகும்போது அவனையும் அழைத்துக்கொண்டு போங்கள்.