ஒரு கார்டைப் படிக்கிறது, இன்னொன்றைப் படிக்கவில்லை: கோளாறு எங்கே?

கேள்வி: பழைய கார்டு ரீடரில் என் 16 ஜிபி கார்டு நன்றாகத் திறக்கிறது. புதிய 64 ஜிபி கார்டைப் போட்டால் ஃபார்மெட் செய்யச் சொல்கிறது. கேமராவில் படங்கள் எல்லாம் தெரிகின்றன. எது கெட்டுப்போயிருக்கிறது?

பதில்: ஃபார்மெட் பட்டனை மட்டும் தொட்டுவிடாதீர்கள். கேமராவை யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, முதலில் படங்களை நகலெடுத்து வையுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

16 ஜிபி வேலை செய்வதால் ரீடர் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது. 32 ஜிபி வரையுள்ளவை எஸ்டிஹெச்சி வகை, அதற்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஒரே துளையில் நுழையும். ஆனால் எஸ்டிஎக்ஸ்சி வகை 2009-இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ரீடர்கள் சிலவற்றுக்குப் பெரிய கார்டின் கொள்ளளவைச் சரியாகப் புரிந்துகொள்ளத் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. விண்டோஸில் கார்டு ரீடரில் இருக்கும்போதே, விண்டோஸ் பட்டனையும் R-ஐயும் சேர்த்து அழுத்தி இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
diskmgmt.msc
```

திறக்கும் பட்டியலில் ரீடருக்கு எதிரே `No Media` என்று இருந்தால், கார்டு உள்ளே இருப்பதே ரீடருக்குத் தெரியவில்லை. கார்டின் தங்க நிறத் தகடுகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து மறுபடி போடுங்கள். மைக்ரோ எஸ்டி என்றால் அடாப்டரையும் மாற்றிப் பாருங்கள், பல நேரம் குற்றவாளி அதுதான். கொள்ளளவு 64-க்குப் பதில் வெகு குறைவாகத் தெரிந்தால், அந்த ரீடருக்கு இந்த வகை கார்டு புரியவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதன் வழியாக எதையும் எழுதாதீர்கள், இருக்கும் கோப்புகளும் சிதைந்துவிடும். 59 ஜிபி போலக் காட்டினால் அளவு சரியே. விண்டோஸ் கணக்கிடும் முறையால் வரும் வித்தியாசம் அது. அளவு சரியாக இருந்து, பக்கத்தில் `RAW` என்றிருந்தால் சந்தேகம் கார்டின் கோப்பு அமைப்பின் மேல் திரும்புகிறது. எக்ஸ்பி போன்ற மிகப் பழைய விண்டோஸ் என்றால் மட்டும், கார்டில் உள்ள எக்ஸ்ஃபேட் அமைப்பு அதற்குத் தெரியாமலும் இருக்கலாம்.

அடுத்து, நண்பரிடமோ கடையிலோ வேறொரு ரீடரில் அதே கார்டைப் போடுங்கள். அங்கே திறந்தால் பெரும்பாலும் உங்கள் ரீடர்தான் காரணம். அங்கேயும் திறக்காமல் கேமராவில் மட்டும் தெரிந்தால், படங்களைப் பத்திரப்படுத்திய பிறகு கார்டைக் கேமராவிலேயே ஃபார்மெட் செய்து மீண்டும் சோதியுங்கள்.

இடையில் நகலெடுப்பு நின்றுபோகும் சிக்கல் வந்தால், எந்தக் கோப்பில் நிற்கிறது என்று கவனியுங்கள். இரண்டு ரீடர்களிலும் அதே கோப்பில் நின்றால் கார்டின் அந்தப் பகுதி பழுது. உங்கள் ரீடரில் மட்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் ரீடரின் இணைப்பையோ யுஎஸ்பி கேபிளையோ பாருங்கள். புது ரீடர் வாங்குவதானால், அதன் அட்டைப் பெட்டியில் எஸ்டிஎக்ஸ்சி சின்னம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.